ஆடிட் ஃபர்மிலிருந்து கிளையன்ட் கம்பெனியின் இன்டர்னல் ஆடிட் டீமுக்கு: ராஜினாமா கடிதம் எழுதும் முறை

கேள்வி: ஒரு ஆடிட் ஃபர்மில் மூன்று வருடமாக ஆடிட் அசோசியேட்டாக இருக்கிறேன். ஒரு கம்பெனியின் இன்டர்னல் ஆடிட் டீமில் வேலை கிடைத்திருக்கிறது. அந்தக் கம்பெனி எங்கள் ஃபர்மின் கிளையன்ட். இந்த வருட ஆடிட்டிலும் நான் இருந்தேன். ராஜினாமா கடிதத்தில் எங்கே போகிறேன் என்று எழுத வேண்டுமா? என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது?

பதில்:

எங்கே போகிறீர்கள் என்பதை ஃபர்ம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் ராஜினாமா கடிதத்தைப் படித்துத்தான் அதைத் தெரிந்துகொண்டது என்ற நிலை வரவே கூடாது. உங்கள் விஷயத்தில் எழுத வேண்டியவை இரண்டு. முதலில் போக வேண்டியது ஒரு தகவல் மின்னஞ்சல். அதற்குப் பிறகு ராஜினாமா கடிதம். பலர் இரண்டையும் ஒரே தாளில் கலந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் இரண்டுமே சரியாக வேலை செய்யாது.

வேறு ஏதாவது கம்பெனிக்குப் போகிறீர்கள் என்றால் இதற்கெல்லாம் அவசியமே இல்லை, நாலு வரிக் கடிதம் போதும். ஆடிட் செய்த கிளையன்டிடமே வேலைக்குப் போகும்போதுதான் ஃபர்மின் சுதந்திரத்தன்மை பற்றிய கேள்வி வருகிறது. அக்கவுன்டன்ட்களுக்கான சர்வதேச நெறிமுறைக் கோட்பாட்டில் பிரிவு 524 முழுவதும் இதைப் பற்றியதுதான். ஆடிட் டீமில் இருக்கும் ஒருவர் கிளையன்டிடம் வேலை குறித்துப் பேசத் தொடங்கினால் உடனே ஃபர்முக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதிமுறையை ஒவ்வொரு ஃபர்மும் வைத்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதில் வரும் சொல்லைக் கவனியுங்கள். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு என்று அது சொல்லவில்லை. பேச்சு தொடங்கும்போதே தெரிவிக்க வேண்டும் என்கிறது. நீங்கள் ஏற்கெனவே ஆஃபர் வரை போய்விட்டீர்கள். இதுவரை சொல்லவில்லை என்றால் ராஜினாமா கடிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு இன்றே இதைச் சொல்லுங்கள். தாமதமாகச் சொன்னால் திருத்த வழி இருக்கிறது. மறைத்தது பின்னால் தெரியவந்தால் வழி மிகவும் சுருங்கிவிடும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பது ஒரே ஒரு ஒர்க்கிங் பேப்பரைப் பார்த்தால் புரிந்துவிடும். அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் நிலுவைகளை நீங்கள் பார்த்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 40 பேருக்கு இருப்பு உறுதிக் கடிதம் அனுப்பினீர்கள். ஒரு பதிலில் வந்த தொகை கம்பெனியின் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. அக்கவுன்ட்ஸில் கேட்டீர்கள், ‘பணம் வழியில் இருக்கிறது, நேர வித்தியாசம்தான்’ என்றார்கள். அதையே எழுதி, டிக் போட்டு முடித்தீர்கள். சாதாரண நாளில் இது ஒரு ரிவ்யூ நோட்டோடு போய்விடும். வருட முடிவுக்குப் பின் வந்த வங்கி வரவைக் காட்டுங்கள் என்று மேனேஜர் கேட்பார், அவ்வளவுதான். ஆனால் அந்த டிக் போட்ட தேதி உங்கள் முதல் இன்டர்வியூவுக்குப் பிந்தியது என்றால், வெளியிலிருந்து ஃபைலைப் பார்க்கும் எவரும் முதலில் திறப்பது அந்தத் தாளைத்தான். நீங்கள் நேர்மையாகத்தான் செய்திருப்பீர்கள். ஆனால் அந்தத் தாளை மட்டும் வைத்து அதை நிரூபிக்க முடியாது. அதனால்தான் ஃபர்ம் உங்களை உடனே அந்த டீமிலிருந்து விலக்கும். நீங்கள் எடுத்த முக்கியமான முடிவுகளை வேறொருவரைக் கொண்டு மறுபடி பார்க்கும். இதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வேலைக்கும் அந்த மறுபார்வைதான் பாதுகாப்பு.

ஆகவே தகவல் மின்னஞ்சலில் தேதிதான் உயிர். அந்த எங்கேஜ்மென்டின் பார்ட்னருக்கும், ஃபர்மில் சுதந்திரத்தன்மையைக் கவனிப்பவருக்கும் அனுப்புங்கள். மூன்று விஷயங்கள் அதில் இருந்தால் போதும். ஒன்று, கம்பெனி உங்களைத் தொடர்பு கொண்டதோ நீங்கள் விண்ணப்பித்ததோ எந்தத் தேதியில், ஆஃபர் எந்தத் தேதியில் வந்தது. இரண்டு, எந்தப் பதவி, யாரிடம் ரிப்போர்ட் செய்வீர்கள். மூன்று, அந்த முதல் தேதிக்குப் பிறகு அந்த ஃபைலில் நீங்கள் கை வைத்த தாள்கள் எவை. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மறுபார்வை செய்பவருக்கு உண்மையில் தேவைப்படுவது அதுதான். ஃபைல் மென்பொருளில் உங்கள் பெயரில் விழுந்த கையொப்பத் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அரை மணி நேரத்தில் பட்டியல் தயாராகிவிடும். டீமிலிருந்து விலக்கப்பட்டதும் ஃபைலைத் திறக்கும் அனுமதி போய்விடலாம் என்பதால், விலக்குவதற்கு முன்பே மேனேஜருக்குத் தெரிந்து அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பதவியை ஏன் சொல்ல வேண்டும் என்றால், நிதி அறிக்கை தயாரிப்பில் கணிசமான செல்வாக்குள்ள இடமா என்பதைப் பொறுத்துத்தான் ஃபர்மின் முடிவு அமையும். இன்டர்னல் ஆடிட்டில் இளநிலைப் பதவி, தலைமை இன்டர்னல் ஆடிட்டர் வழியாக ஆடிட் கமிட்டிக்கு ரிப்போர்ட் செய்யும் அமைப்பு என்றால் பெரும்பாலும் சிக்கல் குறைவு. அதே கம்பெனியில் கணக்குகளை முடிக்கும் வேலையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், நிதித் தலைவரிடம் ரிப்போர்ட் என்றால் ஃபர்ம் வேறு மாதிரி யோசிக்கும். ஆஃபர் லெட்டரில் பதவியின் பெயர் மட்டும் இருந்தால் வேலை விவரத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வருடாந்திர சுதந்திரத்தன்மை உறுதிமொழியோ, எங்கேஜ்மென்ட் தொடங்கும்போது தரும் உறுதிமொழியோ, நீங்கள் கடைசியாகக் கையொப்பமிட்டது எப்போது? அந்தத் தேதிக்கு முன்பே பேச்சு தொடங்கியிருந்தால் அந்த உறுதிமொழி தவறாகிவிட்டது. அதையும் அதே மின்னஞ்சலில் நீங்களே சொல்லுங்கள். ‘இந்தத் தேதியில் நான் தந்த உறுதிமொழியில் இது குறிப்பிடப்படவில்லை, அதைத் திருத்தித் தருகிறேன்’ என்ற ஒரு வரி போதும்.

இப்போது கடிதத்துக்கு வருவோம். இந்தக் கடிதத்தின் வேலை ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் வேலையை விடுகிறீர்கள், எந்தத் தேதியில் விடுகிறீர்கள் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றிப் பதிவு செய்வது. மேனேஜரும் மனிதவளத் துறையும் படித்துவிட்டுப் பணியாளர் கோப்பில் வைப்பார்கள். பல வருடம் கழித்து வேறொருவர் எடுத்துப் பார்த்தாலும் அர்த்தம் மாறக் கூடாது. நோட்டீஸ் பீரியட் 60 நாள், கடிதம் மார்ச் 3 திங்கட்கிழமை தரப்படுகிறது என்று வைத்துக்கொண்டு ஒரு கடிதத்தை எழுதிப் பார்ப்போம்.

பொருள்: ராஜினாமா – கடைசிப் பணி நாள் மே 2

மதிப்பிற்குரிய ஐயா,

ஆடிட் அசோசியேட் பதவியிலிருந்து நான் ராஜினாமா செய்கிறேன். என் பணி ஒப்பந்தத்தின்படி 60 நாள் நோட்டீஸ் இன்று, மார்ச் 3 அன்று தரப்படுகிறது. என் கடைசிப் பணி நாள் மே 2, வெள்ளிக்கிழமை.

ஒரு கம்பெனியின் இன்டர்னல் ஆடிட் டீமில் சேர இருக்கிறேன். இது தொடர்பான விவரங்களைப் பிப்ரவரி 24 தேதியிட்ட மின்னஞ்சலில் உங்களுக்கும் சுதந்திரத்தன்மைக்குப் பொறுப்பானவருக்கும் தனியாகத் தெரிவித்துள்ளேன்.

என்னிடம் உள்ள எங்கேஜ்மென்ட்களின் நிலையை மார்ச் 7 அன்று எழுத்தில் தருகிறேன். என் பெயரில் உள்ள ரிவ்யூ நோட்டுகளைக் கடைசிப் பணி நாளுக்கு முன் முடித்துத் தருவேன். முடியாதவற்றை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லும்படி செய்கிறேன்.

ஃபர்ம், அதன் கிளையன்ட்கள் பற்றிய ரகசியத் தகவல்களைக் காக்கும் பொறுப்பு நான் விலகிய பிறகும் தொடரும் என்பதை அறிவேன்.

கடந்த மூன்று வருடங்களில் எனக்குக் கிடைத்த பயிற்சிக்கு நன்றி.

இப்படிக்கு,
பெயர், பணியாளர் எண், கையொப்பம்

இதில் ஒவ்வொரு வரியும் ஏன் இப்படி என்று பார்ப்போம். ‘ராஜினாமா செய்ய விரும்புகிறேன்’ என்று எழுதுவது நம்மிடம் மிகவும் பழகிப்போன பணிவு. பேச்சில் அது அழகுதான். கடிதத்தில் அது விருப்பமாக மட்டுமே நின்றுவிடும். விருப்பத்துக்கு நோட்டீஸ் நாள் ஓடாது என்று யாராவது வாதாடினால் பதில் சொல்வது கடினம். ‘அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்பதும் அப்படியே. அனுமதி வரும்வரை நீங்கள் காத்திருக்கிறீர்கள் என்று ஆகிவிடும். ‘செய்கிறேன்’ என்று எழுதுவதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

தேதியை நாள் எண்ணிக்கையாக மட்டும் எழுதாமல் காலண்டர் தேதியாகவும் எழுதுங்கள். கடிதம் தந்த மறுநாளை முதல் நாளாக எண்ணினால் மார்ச்சில் 28 நாள், ஏப்ரலில் 30 நாள், ஆக 58. 60ஆம் நாள் மே 2. கடிதம் தந்த நாளையே முதல் நாளாக எண்ணுபவருக்கு மே 1 வரும். ஒப்பந்தத்தில் ‘இரண்டு மாதம்’ என்று இருந்தால் கணக்கு வேறு. ஒரு நாள் வித்தியாசம் அற்பமாகத் தோன்றும். புதிய இடத்தில் சேரும் தேதி மே 2 என்று ஒப்புக்கொண்டுவிட்டு இங்கே கடைசி நாளும் மே 2 என்று வந்து நிற்பவர்கள் உண்டு. சேரும் தேதியைப் பேசும்போதே நடுவில் சில நாள் இடம் விட்டுக்கொள்ளுங்கள். கடிதத்தை மாலையில் மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் அன்றே மின்னஞ்சலிலும் அனுப்பி, கிடைத்தது என்ற பதிலை வாங்குங்கள். எண்ணத் தொடங்கும் நாளுக்கு அதுதான் சாட்சி.

கம்பெனியின் பெயர் கடிதத்தில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பெயர், பதவி, பேச்சு தொடங்கிய தேதி எல்லாம் தகவல் மின்னஞ்சலில் இருக்கிறது. கடிதம் அதன் தேதியை மட்டும் சுட்டுகிறது. ராஜினாமா கடிதம் பல கைகளுக்குப் போகும். ஃபர்மின் கிளையன்ட் யார், அந்த டீமில் யார் இருந்தார்கள் என்பது அத்தனை பேருக்கும் தெரிய வேண்டியதில்லை. அதே சமயம் அந்த ஒரு வரி இருப்பதால், ‘சொல்லாமல் போய்விட்டார்’ என்று பின்னால் எவரும் சொல்ல முடியாது. ஃபர்மின் படிவமே கம்பெனிப் பெயரைக் கேட்டால் எழுதிவிடுங்கள். அங்கே மறைப்பது தவறு.

காரணத்தை விளக்க வேண்டாம். வேலைப் பளு, ஆடிட் சீசனின் இரவுகள், சம்பளம், மேனேஜரோடு மனத்தாங்கல் எதுவும் இந்தக் கடிதத்துக்கு உரியது அல்ல. இதில் இன்னொரு அபாயமும் இருக்கிறது. ‘போதிய ஆளின்றி ஆடிட்டை அவசரமாக முடிக்க வேண்டியிருந்தது’ என்று கோபத்தில் எழுதும் ஒரு வரி, ஆடிட்டின் தரத்தைப் பற்றிய எழுத்துப்பூர்வமான கூற்று. உண்மையிலேயே ஒரு ஆடிட் முறையாக நடக்கவில்லை என்று நீங்கள் கருதினால் அதை எழுத இடம் உண்டு. எங்கேஜ்மென்ட் பார்ட்னரிடமும், தேவைப்பட்டால் ஃபர்மின் புகார் வழியிலும், எந்தத் தாளில் என்ன என்று குறிப்பாக எழுதுங்கள். விடைபெறும் கடிதத்தில் பொத்தாம்பொதுவாக எழுதினால் அந்தக் குறையும் சரியாகாது, உங்கள் பேரும் கெடும்.

விடுப்பு இருப்பை நோட்டீஸில் கழிக்கச் சொல்வது, முன்கூட்டி விடுவிக்கக் கேட்பது, பயிற்சிச் செலவு ஒப்பந்தம் பற்றிய பேச்சு எல்லாம் தனி மின்னஞ்சலில் போகட்டும். ‘விடுப்பைக் கழித்தால் ஏப்ரல் 18இல் விலகுகிறேன், இல்லையென்றால் மே 2’ என்று கடிதத்திலேயே எழுதினால் கடைசிப் பணி நாள் எது என்பதே கேள்விக்குறியாகிவிடும். கோரிக்கை ஏற்கப்பட்டால் திருத்திய தேதியை எழுத்தில் வாங்கிக்கொண்டால் போதும்.

ஒப்படைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆடிட் ஃபர்மில் ஒருவர் விலகும்போது உண்மையான சேதம் அங்கேதான் நடக்கிறது. நீங்கள் சேரப்போகும் கம்பெனியின் ஃபைலை விட்டுவிடுங்கள். தகவல் சொன்ன நாளோடு உங்கள் கை அதிலிருந்து எடுக்கப்பட்டுவிடும். மற்ற கிளையன்ட்கள்தான் உங்கள் நோட்டீஸ் காலம் முழுக்க. அவற்றில் ஒன்றின் ஆடிட் அறிக்கை மார்ச் 28 அன்று கையொப்பமாகிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வதேச ஆடிட் தரநிலை 230இன்படி இறுதி ஃபைலைத் தொகுத்து மூட வழக்கமாக அறிக்கைத் தேதியிலிருந்து 60 நாளுக்கு மேல் ஆகக் கூடாது. அதாவது மே 27. நீங்கள் விலகுவது மே 2. ஆக, ஃபைல் மூடப்படும்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள்.

அந்த 25 நாளில் என்ன ஆகும் என்றால், உங்கள் தாளில் ஒரு குறுக்குக் குறிப்பு விட்டுப்போயிருக்கும். மேனேஜர் கேட்க ஆள் இருக்காது. அறிக்கைக்குப் பிந்திய அந்த நாள்களில் செய்யலாம் என்று அனுமதிக்கப்படுவது தொகுக்கும் வேலை மட்டுமே: பழைய பிரதிகளை நீக்குவது, குறுக்குக் குறிப்புகளைச் சரிசெய்வது, சரிபார்ப்புப் பட்டியலில் கையொப்பமிடுவது, அறிக்கைத் தேதிக்கு முன்பே பெற்று டீமில் பேசி ஒப்புக்கொண்ட சான்றைப் பதிவு செய்வது. புதிதாகச் சோதனை செய்வதோ புது முடிவுக்கு வருவதோ இதில் சேராது. எனவே நீங்கள் செய்த சோதனையின் சான்று உங்கள் மடிக்கணினியின் மேசைத்திரையிலோ மின்னஞ்சலிலோ தங்கிவிட்டு, நீங்களும் போய்விட்டால், அந்தச் சோதனை நடந்தது என்று காட்டவே வழியில்லை. மடிக்கணினி அழிக்கப்பட்டுவிடும், மின்னஞ்சல் கணக்கு மூடப்படும்.

அதனால்தான் கடிதத்தில் மார்ச் 7 என்று ஒரு தேதியை நீங்களே வைத்தீர்கள். அன்று தரும் நிலைக் குறிப்பில் ஒவ்வொரு எங்கேஜ்மென்டுக்கும் எந்தப் பகுதி முடிந்தது, எது ரிவ்யூவில் இருக்கிறது, கிளையன்டிடமிருந்து இன்னும் வர வேண்டியது எது, அதை அங்கே யாரிடம் கேட்டீர்கள், எப்போது கேட்டீர்கள் என்று எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கான பதில்தான் உங்களுக்குப் பின் வருபவருக்கு அதிகம் உதவும். ‘ஸ்டாக் விவரம் நிலுவை’ என்று எழுதினால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ‘கிடங்கு 2இன் மெதுவாக நகரும் சரக்குப் பட்டியல், ஸ்டோர்ஸ் மேனேஜரிடம் பிப்ரவரி 20இல் கேட்டது, பாதிப் பட்டியல் வந்தது, 180 நாளுக்கு மேற்பட்டவை வரவில்லை’ என்று எழுதினால் ஒரே தொலைபேசி அழைப்பில் முடிந்துவிடும். உங்கள் பெயரில் திறந்திருக்கும் ரிவ்யூ நோட்டுகளை, ‘செய்தாயிற்று’ என்ற ஒற்றைச் சொல்லால் மூடாதீர்கள். என்ன செய்தீர்கள், எந்தத் தாளில் இருக்கிறது என்று எழுதி மூடுங்கள்.

எடுத்துக்கொண்டு போகக் கூடாதவை பற்றி. ஒர்க்கிங் பேப்பர்கள் ஃபர்முடைய சொத்து. நீங்கள் எழுதியவையும் அதில் சேரும். இன்டர்னல் ஆடிட்டுக்குப் போகிறவர்களுக்கு வரும் சபலம் கிளையன்ட் தகவல் மேல் அல்ல, கொள்முதல் சுற்று, சம்பளச் சுற்று போன்றவற்றுக்கு ஃபர்ம் வைத்திருக்கும் ஆடிட் புரோகிராம், சரிபார்ப்புப் பட்டியல் மேல்தான். ‘வெறும் ஃபார்மட்தானே’ என்று தோன்றும். அதுவும் எடுக்கக் கூடாது. கற்றுக்கொண்ட அறிவு உங்களுடையது, கோப்பு ஃபர்முடையது. புதிய இடத்தில் உட்கார்ந்து நீங்களே ஒன்றை எழுதுங்கள். அந்தக் கம்பெனியின் நடைமுறைக்கு அதுதான் பொருந்தும்.

இன்னும் நுட்பமான ஒன்று உங்கள் தலைக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கம்பெனியின் ஆடிட்டில் மெட்டீரியாலிட்டி தொகை எவ்வளவு, எந்தத் தொகைக்குக் கீழே உள்ள பதிவுகளை டீம் பார்ப்பதில்லை, எந்தக் கிளைக்கு முன்னறிவிப்பின்றிப் போகத் திட்டம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். புதிய சக ஊழியர் ஒருவர் சாதாரணமாகவே கேட்பார், ‘இந்த அளவு வித்தியாசத்தை ஆடிட்டர்கள் கண்டுகொள்வார்களா?’ என்று. அதற்குப் பதில் சொல்லக் கூடாது. கடிதத்தில் எழுதிய ரகசியக் காப்பு வரியின் நடைமுறைப் பொருள் இதுதான். ஃபர்மும் அடுத்த வருடம் தன் ஆடிட் திட்டத்தை மாற்றிக்கொள்ளும். உங்களை நம்பாததால் அல்ல, பிரிவு 524 சொல்லும் பாதுகாப்புகளில் அதுவும் ஒன்று என்பதால்.

பணக் கணக்கையும் விலகும்போதே முடித்துக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகும் பழைய ஃபர்மிலிருந்து உங்களுக்கு வர வேண்டியது என்று ஏதாவது நின்றால், உங்களுக்கும் ஃபர்முக்கும் இடையே தொடர்பு அறுபடவில்லை என்று பொருள். அதிலும் ‘ஃபர்மின் லாபத்தைப் பார்த்து ஜூலையில் போனஸ் முடிவு செய்வோம்’ என்பது போல் தொகை நிச்சயமில்லாமல் நிற்பது மோசம். தர வேண்டியதைத் தொகையாக நிர்ணயித்து, எழுதி, முடிந்தால் கடைசி நாளுக்குள் தீர்க்கும்படி கேளுங்கள். ஃபர்மின் மின்னஞ்சல், இணையப் பக்கத்தில் உங்கள் பெயர், டீம் அரட்டைக் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் அன்றே வெளியே வந்துவிடுங்கள்.

கம்பெனியையும் ஒன்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஃபர்மும் கம்பெனியும் கையொப்பமிட்ட எங்கேஜ்மென்ட் லெட்டரில், ஃபர்மின் ஊழியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி வேலைக்கு எடுக்கக் கூடாது என்ற ஷரத்து இருக்கலாம். அது உங்கள் பணி ஒப்பந்தத்தில் இருக்காது. உங்கள் கண்ணில் படாது. கம்பெனி அந்த ஒப்புதலை வாங்காமல் உங்களை எடுத்தால், நோட்டீஸ் காலத்தின் நடுவில் ஆஃபர் தள்ளிப்போகலாம், அதற்குள் உங்கள் ராஜினாமா ஏற்கப்பட்டிருக்கும். ஆகவே கடிதத்தில் தேதி போடுவதற்கு முன் கம்பெனியின் மனிதவளத் துறையிடம், ‘எங்கள் ஃபர்மோடு உள்ள எங்கேஜ்மென்ட் லெட்டரைப் பார்த்துவிட்டீர்களா, ஒப்புதல் தேவையா?’ என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுத்தில் வந்த பிறகு மார்ச் 3 என்று போடலாம்.